"இருபது பர்சென்ட்" என்றால் எதில் இருபது? கடையில் சரக்கு வைத்து விற்பவர்கள் கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூர் தேக்காவில் கடை வைத்திருப்பவரிடம் நம் சரக்கைக் கொடுத்து, விற்ற பிறகு காசு வாங்கிக்கொள்ளும் பழக்கம் நம்மவர்களிடம் நிறைய உண்டு. புடவை, சுடிதார், கவரிங் நகை, குத்துவிளக்கு என்று தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே பேச்சு தொடங்கிவிடும். நான் கண்டாங்கிப் புடவை வரவழைத்து இப்படித்தான் விற்கிறேன், கூடவே தெரிந்தவர்கள் சிலருக்குக் கணக்கும் எழுதிக் கொடுக்கிறேன். என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: விழுக்காட்டைச் சொன்னார்கள், எந்தத் தொகையில் என்று சொல்லவில்லை. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

கடைக்காரர் "எனக்கு இருபது பர்சென்ட்"னு சொல்லிட்டார். 80 வெள்ளிப் புடவைக்கு அவருக்கு 16, எனக்கு 64, அவ்வளவுதானே?

அப்படியும் இருக்கலாம். ஆனால் அவர் 80 வெள்ளியைப் பற்றிப் பேசவே இல்லையே, நீங்களாக எடுத்துக்கொண்டீர்கள். விலைச்சீட்டில் உள்ள 80-ஐ நினைத்துச் சொன்னாரா, வாடிக்கையாளர் பேரம் பேசி உண்மையில் கொடுத்த தொகையை நினைத்தாரா, நீங்கள் கேட்கும் விலைக்கு மேல் அவர் ஏற்றிக்கொள்ளும் தொகையையா, லாபத்தையா என்று தெரியாத வரை கால்குலேட்டரை எடுக்காதீர்கள். ஒரு எண் கைக்கு வந்துவிட்டால் மனசு அதைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் வேறு எண் வரும்போது ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். பெரும்பாலும் யாரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். இரண்டு பேரும் இரண்டு வேறு தொகையில் இருபது எடுத்திருப்பார்கள்.

அதுக்காக எத்தனை அர்த்தம் இருந்துவிடப் போகிறது?

ஒரே புடவையை வைத்துப் பார்ப்போம். விலைச்சீட்டு 80 வெள்ளி. எனக்கு அது வந்து சேர ஆன செலவு 45 வெள்ளி.

விலைச்சீட்டில் இருபது என்றால் கடைக்கு 16, எனக்கு 64. இதைத்தான் நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம்.

என் விலையின் மேல் இருபது என்றால் கதை வேறு. என் விலைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு ஏற்றி 80 ஆக வேண்டும், ஆகவே என் விலை 80-ஐ 1.2-ஆல் வகுத்தால் வருகிற 66.67. கடைக்கு 13.33. துணிக்கடை வைத்திருக்கும் பழைய ஆட்கள் சிலர் "வாங்குற விலை மேல இருபது வைப்பேன்" என்கிற கணக்கிலேயே பழகியவர்கள், அவர்கள் வாயில் இருபது என்றால் இதுதான்.

லாபத்தில் இருபது என்றால், 80-இல் 45 போக மீதி 35, அதில் இருபது 7 வெள்ளி. எனக்கு 73.

ஆக, ஒரே சொல்லுக்குக் கடைக்காரர் பங்கு 16, 13.33, 7 என்று மூன்று விதமாக வருகிறது. தள்ளுபடி, வரி இரண்டும் இன்னும் உள்ளே வரவே இல்லை.

நீங்க ஒரு தடவை 240 வெள்ளி விட்டதா சொன்னீங்களே, என்ன நடந்தது?

முதல் தீபாவளி அது. அறுபது புடவை கொடுத்தேன். கடைக்கார அண்ணன் டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டே "இருபதுதாம்மா, எல்லாருக்கும் அதேதான்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். கடை ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறிய கடை, அதனால் வரிக்குழப்பம் எதுவும் இல்லை. தீபாவளி முடிந்ததும் நாற்பது விற்றதாகச் சொன்னார். நான் எம்ஆர்டியிலேயே கணக்குப் போட்டுவிட்டேன்: நாற்பது புடவை, ஒன்றுக்கு 64, மொத்தம் 2,560 வெள்ளி.

என் கையில் வந்தது 2,320.

தாளை வாங்கிப் பார்த்தால், கடைசி வாரம் பதினைந்து புடவையை இருபது விழுக்காடு தள்ளுபடியில், அதாவது 64 வெள்ளிக்கு விற்றிருக்கிறார். இருபத்தைந்து புடவை 80-க்கு, அது 2,000. பதினைந்து புடவை 64-க்கு, அது 960. வசூல் 2,960. அதிலிருந்து தன் கமிஷனாக 640 கழித்திருந்தார். 640 என்பது நாற்பது புடவையின் விலைச்சீட்டுத் தொகையான 3,200-இல் இருபது விழுக்காடு. தள்ளுபடி கொடுத்த புடவைக்கும் அவருடைய பங்கு முழு 16 வெள்ளியாகவே நின்றது, குறைந்தது முழுக்க என் பங்கில்.

அந்தப் பதினைந்து புடவை ஒவ்வொன்றிலும் வந்தது 64, அதில் அவருக்கு 16, எனக்கு 48. என் செலவு 45. ஊரிலிருந்து வரவழைத்து, பிரித்து, மடித்து, கவரில் போட்டு, பெட்டி பெட்டியாகத் தூக்கிக்கொண்டு போன புடவையில் மூன்று வெள்ளி மிச்சம்.

அவரிடம் கேட்டேன். மறைக்கவே இல்லை. "சீட்டு விலையிலதாம்மா எப்பவும் எடுப்பேன், கடை வாடகை தள்ளுபடி நாளுக்குன்னு குறையுதா?" என்றார். அவர் பக்கத்தில் அது நியாயமான வாதம்தான். நான் அதைத் தீபாவளிக்கு முன்பு கேட்டிருக்க வேண்டும், பின்பு கேட்டதால் பயன் இல்லை.

அப்போ வாங்கிய தொகையில் கமிஷன் எடுத்திருந்தால் சரியா வந்திருக்குமா?

கொஞ்சம் நன்றாக வந்திருக்கும், ஆனால் 2,560 வந்திருக்காது. வசூல் 2,960-இல் இருபது 592, எனக்கு 2,368. நான் வாங்கியதைவிட 48 வெள்ளி கூடுதல். மீதியுள்ள 192 வெள்ளிக் குறைவு தள்ளுபடியால் வந்தது, அதை யார் சுமப்பது என்பது தனிக் கேள்வி. கடைக்காரர் தன் இஷ்டத்துக்குக் கொடுத்த தள்ளுபடி அவர் பங்கிலிருந்தே போக வேண்டும் என்று முன்கூட்டிப் பேசியிருந்தால் எனக்கு முழு 2,560 வந்திருக்கும், அவருக்கு 400 நின்றிருக்கும். அதற்கு அவர் ஒத்துக்கொண்டிருப்பாரா என்பது வேறு விஷயம். என் அனுபவத்தில் பலர் நடுவழிக்கு வருவார்கள்: தள்ளுபடி கொடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்கிறேன், கொடுத்தால் கமிஷனும் வாங்கிய தொகையில்தான் என்று.

இருபது தள்ளுபடி, இருபது கமிஷன், ரெண்டும் சேர்த்து நாற்பது போச்சுன்னு வெச்சுக்கலாமா?

கூடாது. இரண்டாவது இருபது எதில் என்பதைப் பொறுத்து விடை மாறும். கமிஷன் வாங்கிய தொகையில் என்றால் 80 முதலில் 64 ஆகிறது, அந்த 64-இல் இருபது விழுக்காடு 12.80, கைக்கு வருவது 51.20. போனது 28.80, அது 80-இல் 36 விழுக்காடு. கமிஷனும் சீட்டு விலையில் என்றால்தான் இரண்டும் ஒரே தொகையின் மேல் நிற்கின்றன, அப்போது கூட்டலாம்: 16-உம் 16-உம் 32, கைக்கு 48, போனது சரியாக நாற்பது. ஒரே அடிப்படைத் தொகையின் மேல் நிற்கும் விழுக்காடுகளை மட்டுமே கூட்டலாம், கழிக்கலாம்.

எனக்குக் கையில் 64 வெள்ளி வேணும். அதோட இருபது சேர்த்து 76.80-னு சீட்டு ஒட்டினால் போதுமா?

போதாது, இதில் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம். நீங்கள் 64-இல் இருபது ஏற்றினீர்கள், கடைக்காரர் 76.80-இல் இருபது இறக்குவார். அது 15.36, உங்களுக்கு வருவது 61.44. ஒரு புடவைக்கு 2.56 வெள்ளி குறையும், நாற்பது புடவைக்கு 102.40. சீட்டு விலையில் இருபது அவருக்கு என்றால் சீட்டு விலையில் எண்பது உங்களுக்கு, ஆகவே 64-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும். 80 வரும். ஏற்றுவதும் இறக்குவதும் ஒன்றல்ல. ஏற்றும்போது சின்னத் தொகை அடிப்படை, இறக்கும்போது பெரிய தொகை அடிப்படை.

கடை ஜிஎஸ்டி பதிவு செய்தது. அப்போ இருபது எதில்?

கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஒரு மில்லியன் வெள்ளிக்கு மேல் வரிக்குட்பட்ட விற்பனை உள்ளவர்கள் கட்டாயம் பதிய வேண்டும். சிறிய கடைகள் பல பதியாதவை. பதியாத கடை ஜிஎஸ்டி என்று எதையும் வசூலிக்கக் கூடாது, உங்களிடமிருந்து அந்தப் பெயரில் கழிக்கவும் காரணம் இல்லை. ஆகவே முதல் கேள்வி: கடை பதிவு செய்ததா? அடுத்தது: ரசீது யார் பெயரில் போகிறது?

பதிவு செய்த கடை தன் பெயரிலேயே ரசீது போட்டு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சீட்டில் உள்ள 80 வெள்ளி வரி உட்பட்ட விலை. 2024 ஜனவரி முதல் வரி 9 விழுக்காடு. இங்கே பலர் 80-இல் ஒன்பது என்று 7.20 கழிப்பார்கள், அது தவறு. ஒன்பது விழுக்காடு வரிக்கு முந்திய விலையின் மேல்தான் கணக்கு, 80-இன் மேல் அல்ல. 80-ஐ 109-ஆல் வகுத்து 9-ஆல் பெருக்கினால் 6.61 வரும், அதுதான் வரி. மீதி 73.39. அந்த 73.39-இல் ஒன்பது விழுக்காடு போட்டுப் பாருங்கள், 6.61 திரும்ப வரும். கணக்கு சரி என்பதற்கு இதுதான் சோதனை.

இப்போது கமிஷன். 73.39-இல் இருபது என்றால் 14.68, உங்களுக்கு 58.71. வரியையும் கழித்துவிட்டுக் கமிஷனை 80-இலிருந்தே எடுத்தால் 16, உங்களுக்கு 57.39. இரண்டுமே நீங்கள் மனசில் வைத்திருந்த 64 அல்ல.

அப்புறம் சில கடைகள் கமிஷனுக்கே வரி போட்டு பில் தரும், "இருபது ப்ளஸ் ஜிஎஸ்டி" என்று. அப்போது 16 வெள்ளியின் மேல் 1.44 சேர்ந்து 17.44 ஆகும், சீட்டு விலையில் அது 21.8 விழுக்காடு. பேசும்போது இருபது என்று காதில் விழும், தாளில் இருபத்தொன்றே முக்கால் வந்து நிற்கும்.

இதையெல்லாம் கேட்டால் நம்பிக்கை இல்லையான்னு நினைக்க மாட்டாரா?

விழுக்காட்டைக் கொண்டு கேட்டால் அப்படித் தோன்றலாம். "எதில் இருபது, வரிக்கு முன்னாடியா பின்னாடியா" என்று அடுக்கினால் யாருக்கும் எரிச்சல் வரும், அவசரத்தில் எதையாவது சொல்லியும் விடுவார்கள். அதனால் வெள்ளியைக் கொண்டு கேளுங்கள். ஒரு புடவை, ஒரு விலை, கையில் எவ்வளவு என்று. நான் இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்புவது இதுதான், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"அண்ணே வணக்கம். சரக்கு திங்கட்கிழமை கொண்டு வர்றேன். ஒரு தடவை சரி பார்த்துக்கிறேன். 80 வெள்ளி சீட்டுப் புடவை 80-க்கே போனா எனக்கு 64, உங்களுக்கு 16. தள்ளுபடியில 64-க்குப் போனா எனக்கு 51.20, உங்களுக்கு 12.80. இதுல வேற எந்தப் பிடித்தமும் இல்லை. சரிதானே அண்ணே?"

இதில் இரண்டாவது வரிதான் வேலை செய்கிறது. முதல் வரியை மட்டும் அனுப்பினால், சீட்டு விலையில் எடுப்பவரும் சரி என்பார், வாங்கிய தொகையில் எடுப்பவரும் சரி என்பார், ஏனென்றால் முழு விலைக்கு விற்கும்போது இரண்டும் ஒரே எண். இரண்டும் பிரிகிற இடத்தை எடுத்துக்காட்டாகக் கொடுத்தால்தான் அவர் நின்று யோசிப்பார். போன வருடம் ஒருவர் இந்தச் செய்திக்கு உடனே போன் போட்டு, "இல்லம்மா, தள்ளுபடியிலயும் எனக்கு பதினாறுதான்" என்றார். பேசினோம், பதினான்குக்கு வந்தார். இரண்டு நிமிடப் பேச்சு, அதுவும் ஒரு புடவைகூடக் கடைக்குப் போவதற்கு முன்பே.

வாய்ப்பேச்சில் முடிந்துவிட்டது என்றாலும் பரவாயில்லை, வீட்டுக்கு வந்த பிறகாவது இப்படி ஒரு செய்தி அனுப்பி, அவருடைய "சரி" வந்த பிறகு சரக்கைக் கட்டுங்கள்.

செட்டில்மென்ட் தாள் ஏற்கெனவே வந்துவிட்டது. எதில் இருபது எடுத்தார்னு கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், ஒரு வகுத்தல் போதும். அவர் கழித்த தொகையை, சாத்தியமான ஒவ்வொரு மொத்தத்தாலும் வகுத்துப் பாருங்கள். எதில் 0.20 சுத்தமாக வருகிறதோ அதுதான் அவர் வைத்துக்கொண்ட அடிப்படை. என் தாளில் கழித்தது 640. வசூல் 2,960-ஆல் வகுத்தால் 0.216, ஒத்துவரவில்லை. சீட்டு விலை மொத்தம் 3,200-ஆல் வகுத்தால் சரியாக 0.20. அங்கேயே புரிந்துவிட்டது. தள்ளுபடியே இல்லாமல் நாற்பதும் முழு விலைக்கு விற்று, கழித்தது 533.33 என்று இருந்திருந்தால், 3,200-ஆல் வகுக்க 0.1667 வரும். ஆறில் ஒன்று. அது வந்தால் உங்கள் விலையின் மேல் இருபது ஏற்றியிருக்கிறார் என்று அர்த்தம், உங்களுக்கு லாபம்தான்.

எதிலுமே 0.20 வரவில்லை என்றால் வேறு ஏதோ உள்ளே கலந்திருக்கிறது, பெரும்பாலும் கார்டு மெஷின் கட்டணமோ, கமிஷன் மேல் ஜிஎஸ்டியோ. 0.218 வந்தால் ஜிஎஸ்டிதான். சண்டைக்குப் போகுமுன் இந்த வகுத்தலைச் செய்துவிடுங்கள், அவரிடம் பேசும்போது "குறையுதே" என்பதைவிட "சீட்டு விலையில எடுத்திருக்கீங்க போல" என்று தொடங்குவது எவ்வளவோ மேல்.

எக்செல்லில் போட்டு வைத்தால் தப்பு வராதுதானே?

தப்பான அடிப்படையைக் கொடுத்தால் எக்செல் அதையும் ஒழுங்காகவே பெருக்கும். B பத்தியில் சீட்டு விலை, C பத்தியில் உண்மையில் வாங்கிய தொகை என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கமிஷனுக்கு இந்த இரண்டில் ஒன்றுதான்:

```
=B2*20%
=C2*20%
```

முதலாவது சீட்டு விலையில், இரண்டாவது வாங்கிய தொகையில். பத்தியின் தலைப்பில் வெறுமனே "கமிஷன் 20%" என்று எழுதாமல் "கமிஷன், வாங்கிய தொகையில் 20%" என்று முழுசாக எழுதுங்கள். அடுத்த வருடம் நீங்களே திறந்து பார்க்கும்போது நினைவிருக்காது.

கடைக்காரர் கூட்டாளி மாதிரி, லாபத்துல இருபது போதும்னு சொல்றார். அது நமக்கு நல்லதுதானே?

எண்ணில் நல்லதுதான், 16-க்குப் பதில் 7 தானே போகிறது. ஆனால் லாபம் என்பது யாரும் எண்ணிப் பார்க்கக்கூடிய தொகை அல்ல. வசூலைக் கல்லாப்பெட்டியில் எண்ணிவிடலாம், லாபத்தைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும், அந்தக் கணக்கில் எதைச் சேர்ப்பது என்பதில் ஆளுக்கொரு கருத்து.

என் 45 வெள்ளி எப்படி வந்தது என்று பாருங்கள். நெசவாளருக்கு 36. அனுப்பும் செலவு 5. அந்த 41-இன் மேல் இறக்குமதியின்போது நான் கட்டிய ஒன்பது விழுக்காடு வரி 3.69. கவருக்கு 31 காசு. சரியாக 45. கடைக்காரர் நெசவாளர் விலையை மட்டும் செலவாக எடுத்தால் லாபம் 44, அவர் பங்கு 8.80. நான் ஊருக்குப் போய் வந்த டிக்கெட்டை நான் சேர்த்தால் லாபம் குறையும். அவர் தன் கடை வாடகையைச் சேர்க்கலாமா என்று கேட்டால் இன்னும் குறையும். லாபத்தில் பங்கு என்றால் எந்தெந்தச் செலவு கழியும் என்பதைப் பெயர் சொல்லி எழுதிக்கொள்ள வேண்டும், அது நான்கு வரிக்குள் அடங்காவிட்டால் வசூலில் ஒரு பங்கு என்று மாற்றிக்கொள்வதே மேல் என்பது என் கருத்து. பழகிய முகங்களுக்குள் லாபக் கணக்கு பேசிக் கசந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

கடையில் வேலை பார்க்கிற என் தங்கைக்கு சிபிஎஃப் இருபது பிடிக்கிறாங்க. அது அடிப்படைச் சம்பளத்திலா, விற்பனைக் கமிஷனையும் சேர்த்தா?

சேர்த்துத்தான். மத்திய சேமநிதிக் கணக்கில் விற்பனைக் கமிஷனும் சம்பளம்தான். தங்கை சிங்கப்பூரர், வயது 55-க்குள், அடிப்படைச் சம்பளம் 2,400, அந்த மாதக் கமிஷன் 300 என்றால் அடிப்படைத் தொகை 2,700. அவள் பங்கு அதில் 20 விழுக்காடு, 540. முதலாளி பங்கு 17 விழுக்காடு, 459. இந்தப் பதினேழு அவள் சம்பளத்திலிருந்து போகாது, மேலே முதலாளி கட்டுவது. அவள் கைக்கு 2,160.

சம்பளம் அதிகமானவர்களுக்கு இதில் ஒரு உச்சவரம்பு உண்டு. மாதச் சம்பளத்தில் 2025-இல் முதல் 7,400 வெள்ளிக்கும், 2026 ஜனவரி முதல் 8,000 வெள்ளிக்கும்தான் சிபிஎஃப். ஆகவே 2026-இல் 9,000 வாங்குபவருக்கு மாதம் பிடிப்பது 1,800 அல்ல, 1,600. விழுக்காடு அதேதான், அது நிற்கும் தொகைதான் சம்பளம் முழுவதும் அல்ல.

அரசாங்க விதியில் விழுக்காட்டைச் சொல்லும்போதாவது தெளிவா சொல்றாங்களா?

ஆம், அதைப் பார்த்து நாம் எழுதக் கற்றுக்கொள்ளலாம். சிங்கப்பூரர் இரண்டாவது வீடு வாங்கினால் கூடுதல் முத்திரை வரி 20 விழுக்காடு, 2023 ஏப்ரல் 27 முதல். எதில் என்பது கூடவே இருக்கிறது: வாங்கிய விலை, சந்தை மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதில். ஒரு மில்லியன் மதிப்புள்ள வீட்டைச் சொந்தக்காரர் 950,000-க்குக் கொடுத்தாலும் இருபது ஒரு மில்லியனில்தான், 200,000. உறவுக்குள் விலை குறைத்து வாங்கும்போது 190,000 எடுத்துவைத்தவர்கள் இங்கேதான் திணறுவார்கள்.

அறுபது கொடுத்தேன், நாற்பது விற்றதா சொன்னார், திரும்பி வந்தது பதினெட்டு. ரெண்டு காணோம். அதுக்கு எவ்வளவு கேட்கலாம்?

இதுவும் அதே கேள்விதான், இங்கே விழுக்காடு கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். காணாமல் போன புடவைக்குச் சீட்டு விலை 80 கேட்பீர்களா, விற்றிருந்தால் உங்களுக்கு வந்திருக்கும் 64 கேட்பீர்களா, உங்கள் செலவு 45 போதுமா? 80 கேட்டால் அவருக்கு அநியாயமாகத் தோன்றும், ஏனென்றால் விற்றிருந்தாலும் உங்களுக்கு 80 வந்திருக்காது. 45 வாங்கினால் உங்கள் உழைப்பு போய்விடும், கூடவே தொலைந்துபோனாலும் பரவாயில்லை என்று ஆகிவிடும். நான் 64 என்று எழுதிக்கொள்கிறேன், இரண்டு புடவைக்கு 128 வெள்ளி. சரக்கை இறக்கும் அன்றே அவரோடு சேர்ந்து எண்ணி, எண்ணிக்கையையும் இந்த 64-ஐயும் ஒரே தாளில் போட்டு, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு படம் எடுத்துக்கொள்வோம். நீங்கள் எழுதிக்கொள்ளவில்லை என்றால் இந்த முறை 64 கேட்டுப் பாருங்கள், அதற்குக் காரணமும் சொல்லுங்கள்: "வித்திருந்தா எனக்கு வந்திருக்கிறது இதுதானே அண்ணே."